படத்தில் தெரியும் சதுரங்கக் கட்டம்

கணினி தானாக வரைந்த முகப்படங்களை, குறிப்பாக 2015, 2016 ஆண்டுகளைச் சேர்ந்தவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய சதுரங்கக் கட்டம் ஓடும். அடர்ந்த நிறமுள்ள இடங்களில் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

இந்தக் கட்டம் எப்படி வருகிறது? நியூரல் நெட்வொர்க் முதலில் 4×4 போன்ற சிறு கட்டத்தில் படத்தின் கரடுமுரடான உருவை அமைக்கிறது. பிறகு அதைப் படிப்படியாக இரட்டிப்பாக்கி 64×64 வரை கொண்டுபோகிறது. 2015இல் வந்த டிசிகேன் செய்ததும் இதுதான். அப்படிப் பெரிதாக்க அது பயன்படுத்திய உத்தியின் பெயர் டிரான்ஸ்போஸ்டு கன்வல்யூஷன்.

அதை ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதாக நினைத்துக்கொள்ளலாம். சிறு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பெரிய படத்தில் ஒரு குத்து விழுகிறது. குத்தின் அழுத்தம் அந்தப் புள்ளியின் மதிப்பைப் பொறுத்தது. ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஸ்டாம்ப் இரண்டு இடம் நகர்கிறது. குத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மதிப்புகள் கூடிவிடும்.

சிக்கல் அங்கேதான். ஸ்டாம்பின் அகலம் மூன்று, நகர்வு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 1, 1, 1 என்ற ஒரே சீரான வரிசைக்கு 1, 1, 1 என்ற ஸ்டாம்பைக் குத்தினால் கிடைப்பது 1, 1, 2, 1, 2, 1, 1. சமமாக உள்ளே போனது மேடுபள்ளமாக வெளியே வருகிறது! படத்திலோ இது நீளம், அகலம் இரண்டிலும் நடக்கும். ஒரு புள்ளியில் ஒரு குத்து, பக்கத்தில் இரண்டு, மூலையில் நான்கு. அதுதான் சதுரங்கம்.

நெட்வொர்க்கே இதைச் சரிசெய்துகொள்ளாதா? கொள்ளலாம். ஸ்டாம்ப் 1, 2, 1 என்று அமைந்தால் ஓரங்களைத் தவிர எல்லா இடத்திலும் 2 கிடைக்கும். ஆனால் பயிற்சியில் அந்தச் சமநிலை தானாக அமைவது அரிது. அகலத்தை நான்காக்கினால் குத்துகளின் எண்ணிக்கை சமமாகும். அதுவும் முழுக் காப்பு அல்ல. 3, 1, 3, 1 என்ற ஸ்டாம்ப் உருவானால் நடுவில் 6, 2, 6, 2 என்று அதே மேடுபள்ளம் திரும்பிவிடும்.

அகஸ்டஸ் ஓடீனா, வின்சென்ட் டூமூலின், கிறிஸ் ஓலா ஆகிய மூவரும் 2016இல் இதை அலசியபோது ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. பயிற்சியே தொடங்காத, எண்களைக் குருட்டாம்போக்கில் நிரப்பிய நெட்வொர்க்கின் படத்திலும் கட்டம் இருந்தது. ஆக, குற்றம் பயிற்சியில் இல்லை, அமைப்பிலேயே இருக்கிறது.

அவர்கள் சொன்ன மாற்று எளிது: பெரிதாக்குவதையும் வரைவதையும் பிரித்துவிடுவது. முதலில் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே இரட்டிப்பாக்கி, அதன்பிறகு ஓரிடமாக நகரும் சாதாரண கன்வல்யூஷனை ஓட்டினால் ஓரங்களைத் தவிர எல்லாப் புள்ளிகளுக்கும் சமமான குத்துகள் கிடைக்கும். பெரிய கட்டத்தில் கணக்கிடுவதால் கூடுதல் உழைப்பு பிடிக்கும். சதுரங்கம் மட்டும் பெருமளவு மறைந்துவிடும்.

கண்ணுக்கு மறைந்தாலும் தடயம் முற்றிலும் போவதில்லை. படத்தை ஃபூரியர் முறையில் அலைகளாகப் பிரித்துப் பார்த்தால், பெரிதாக்கிய சுவடு சீரான இடைவெளியில் பொட்டுகளாகத் தெரிவதுண்டு. போலி முகப்படங்களைப் பிடிக்க முயலும் ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று.