மெஷின் மணி வேறு, ஆள் மணி வேறு

கோவைப் பக்கம் மோனோபிளாக் பம்ப் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கணக்கு என் கற்பனை. வழி எல்லா ஆலைக்கும் ஒன்றுதான்.

அடுத்த மாத உற்பத்தி பட்ஜெட்டில் அரை எச்.பி. பம்ப் 2,400, ஒரு எச்.பி. பம்ப் 1,440 என்று இருக்கிறது. இது விற்பனை இலக்கு அல்ல. கையிருப்பைக் கூட்டிக் கழித்த பிறகு, நல்ல நிலையில் வெளியே வரவேண்டிய பம்ப்களின் எண்ணிக்கை.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. லேத் பிரிவில் வார்ப்பைக் கடைந்த பிறகுதான் உள்ளே இருக்கும் காற்றுத்துளை கண்ணில் படும். நூற்றுக்கு நான்கு கழியும் என்றால் 2,400 நல்ல பாடிக்கு 2,500 கடைய வேண்டும், 1,440க்கு 1,500. கழிந்த பாடியும் மெஷினில் முழு நேரம் ஓடியதுதான். அசெம்பிளிக்கு நல்லவை மட்டுமே போவதால், அந்தப் பிரிவின் கணக்கு 2,400, 1,440 என்றே நிற்கும்.

ஒரு பாடிக்கு ஸ்டாண்டர்ட் மெஷின் நேரம் சின்னதற்கு 30 நிமிடம், பெரியதற்கு 40. பெருக்கினால் 1,250 மணியும் 1,000 மணியும் வரும். மாடல் மாற்ற 25 தடவை செட்டிங், தடவைக்கு 2 மணி என்றால் இன்னும் 50. ஆக மொத்தம் 2,300 மெஷின் மணி. செட்டிங் நேரம் பாடிக் கணக்கில் சேராது. தனியாகப் போடாவிட்டால் விட்டுப்போகும்.

இதையே ஆள் மணி என்று எழுதிவிடக் கூடாது. ஒருவர் இரண்டு சி.என்.சி.யைப் பார்த்துக்கொள்கிறார். எனவே கடைசலுக்கு 1,125 ஆள் மணி. செட்டிங்குக்கு ஒருவர் முழுதாக வேண்டும் என்பதால் 50. மொத்தம் 1,175. தேநீர், ஓய்வுக்கான சலுகை ஸ்டாண்டர்ட் நேரத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மறுபடி சேர்க்க வேண்டாம்.

இனி, இருப்பது எவ்வளவு? 6 மெஷின், 25 நாள், ஏழரை மணி ஷிஃப்ட் இரண்டு: 2,250 மணி. பழுது, பராமரிப்புக்கு 8 சதவீதம் போனால் 2,070. வேண்டியது 2,300. துண்டு விழுவது 230 மணி.

இந்த நேரத்தில் "ஆள் போடுங்க" என்பார்கள். ஓடாத மெஷினுக்கு ஆள் எதற்கு? ஆறு மெஷினும் ஓட ஷிஃப்டுக்கு மூன்று பேர் போதும். கூடுதல் ஷிஃப்ட் ஓட்டலாம். ஒரு ஷிஃப்டில் நிகரமாக 41 மணிதான் கிடைக்கும் என்பதால் ஆறு ஷிஃப்ட் தேவைப்படும், அதற்கான ஆள் மணியும் சேரும். அல்லது ஒரு எச்.பி. பாடியில் 345ஐ வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கலாம்.

இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் ஒரு எச்.பி. பம்ப் சுமார் 330 குறையும். அதை விற்பனைப் பிரிவுக்கு ஆர்டர் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.