லீவு தருபவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில் ஒரு பெண் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலை ஒட்டி நான்கு நாள் லீவு வேண்டும். நிறுவனத்தின் போர்ட்டலில் விண்ணப்பம் போடுகிறார். அது டெஸ்டிங் பிரிவின் மேனேஜருக்குப் போகிறது. கணக்கில் லீவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அவர் உடனே ஒப்புதல் தந்துவிடுகிறார். ஆனால் அந்தப் பெண் தினமும் வேலை செய்வது பெங்களூரில் இருக்கும் ஒரு புராஜெக்ட் மேனேஜரின் கீழ். அந்த புராஜெக்டின் ரிலீஸ் பொங்கல் வாரத்தில்தான். அவருக்கு விஷயம் தெரிய வருவது அதற்கு முந்தைய வாரம், காலைக் கூட்டத்தில்.

"யாரைக் கேட்டு லீவு போட்டீங்க?" என்கிறார் அவர். "எங்க மேனேஜர் அப்ரூவ் பண்ணிட்டார் சார்" என்கிறார் இவர். இருவர் சொல்வதிலும் தவறில்லை. ஆனாலும் மார்ச் மாதம் அப்ரைசலுக்காக புராஜெக்ட் தரப்பில் கருத்து கேட்கும்போது, "ரிலீஸ் நேரத்தில் ஆள் இல்லை" என்ற ஒரு வரி வந்து விழும்.

ஓர் ஊழியருக்கு இப்படி இரண்டு மேலாளர்கள் இருக்கும் ஏற்பாட்டை மேட்ரிக்ஸ் ரிப்போர்ட்டிங் என்கிறார்கள். 1960களில் அமெரிக்காவின் விமான, விண்வெளி நிறுவனங்களில் வேரூன்றிய முறை இது. ஒரு ராக்கெட் திட்டத்துக்கு எல்லாத் துறை ஆட்களும் வேண்டும்; அதே நேரத்தில் ஒவ்வொரு துறையின் நிபுணத்துவமும் சிதறிவிடக் கூடாது. ஆகவே பொறியாளர் தன் துறைத் தலைவரின் கீழேயே இருப்பார், அன்றைய வேலையை மட்டும் திட்டத் தலைவர் சொல்வார். நம் ஐ.டி. நிறுவனங்களில் இந்தத் துறைத் தலைவர்தான் ரிப்போர்ட்டிங் மேனேஜர். புராஜெக்டுகள் வரும், முடியும், இவர் மாறுவதில்லை.

ஏற்பாட்டில் குறை இல்லை. எது யார் கையில் என்று எழுதித் தராமல் விடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பல நிறுவனங்களில் ஹெச்.ஆர். அனுப்பும் விளக்கக் கடிதம், "அன்றாட வேலைக்கு இன்னார், நிர்வாக விஷயங்களுக்கு இன்னார்" என்ற இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. லீவு நிர்வாக விஷயமா, அன்றாட வேலையா? இரண்டும்தான். அந்தக் கடிதம் ஆட்களை வைத்துப் பிரிக்காமல், எடுக்க வேண்டிய முடிவுகளை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று விஷயம் எழுதினால் போதும்: முடிவெடுப்பவர் யார், அதற்கு முன் யாரைக் கேட்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வர வேண்டும்.

லீவையே எடுத்துக்கொள்வோம். ஒழுங்கான கடிதம் ஒன்றில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "முன்கூட்டித் திட்டமிடும் லீவுக்கு, தேதியையும் அந்த நாட்களில் வேலையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதையும் முதலில் புராஜெக்ட் மேனேஜருக்கு மெயிலில் தெரிவிக்கவும். அவருடைய பதிலை இணைத்து போர்ட்டலில் விண்ணப்பிக்கவும். ரிப்போர்ட்டிங் மேனேஜர் இரண்டு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்வார். புராஜெக்ட் மேனேஜருக்கு ஆட்சேபம் இருந்தால் இரு மேலாளர்களும் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள்." இந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். அது இல்லாத இடங்களில், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும் தூது வேலை ஊழியர் தலையில் விழுகிறது. மேலாளர்கள் தீர்க்க வேண்டிய தகராறை, மூவரில் அதிகாரம் மிகக் குறைந்தவர் சுமக்கிறார்.

உடம்பு சரியில்லாமல் போடும் லீவுக்கு இந்த வரிசை பொருந்தாது. காய்ச்சலில் கிடப்பவரிடம் முன்அனுமதி கேட்பது நியாயமில்லை. ஷிப்ட் தொடங்கும் முன் புராஜெக்ட் மேனேஜருக்கு ஒரு செய்தி, திரும்பி வந்ததும் போர்ட்டலில் பதிவு. இது தனி வரியாக இருக்க வேண்டும். ரிப்போர்ட்டிங் மேனேஜரே லீவில் இருந்தால் அவருக்குப் பதில் யார் ஒப்புதல் தருவார் என்பதும் அப்படித்தான்.

டைம்ஷீட்டில் இன்னொரு வம்பு இருக்கிறது. வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் பில் போடும் புராஜெக்ட் என்றால், டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தருபவர் பெரும்பாலும் புராஜெக்ட் மேனேஜர். லீவு வேறு போர்ட்டலில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாவிட்டால், லீவு போட்ட நாளுக்கும் 8 மணி நேரம் வேலை பார்த்ததாகக் கணக்கு போய்விடும். வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடித்தால் கேள்வி ஊழியரிடம்தான் வரும்.

அப்ரைசல் இதைவிட ஆழமான விஷயம். ரேட்டிங் போடுபவர் ரிப்போர்ட்டிங் மேனேஜர். ஆனால் வேலையைக் கண்ணால் பார்த்தவர் புராஜெக்ட் மேனேஜர். பார்த்தவரின் கருத்து ரேட்டிங் போடுபவரிடம் எப்போது, எந்த வடிவில் போய்ச் சேரும் என்பதைக் கடிதம் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு புராஜெக்ட், நவம்பர் முதல் மார்ச் வரை இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட முடிவில், இப்போது இருக்கும் மேனேஜரிடம் மட்டும் கருத்து கேட்பார்கள். முதல் ஏழு மாத உழைப்பு காணாமல் போகும். அந்தப் பழைய மேனேஜர் அதற்குள் நிறுவனத்தை விட்டே போயிருக்கவும் கூடும். ஒரு புராஜெக்டிலிருந்து விடுவிக்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள் எழுத்துபூர்வமான கருத்து பதிவாக வேண்டும் என்ற ஒரு விதி இருந்தால் இந்த இழப்பு நேராது.

வருடத் தொடக்கத்தில் இலக்குகளை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ரிப்போர்ட்டிங் மேனேஜர் "ஆட்டோமேஷன் டெஸ்டிங் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று இலக்கு வைப்பார். புராஜெக்டிலோ வருடம் முழுக்கக் கையால் செய்யும் டெஸ்டிங் வேலைதான் கொடுப்பார்கள். இலக்குப் பட்டியலை இரு மேலாளர்களும் ஏப்ரலிலேயே பார்த்திருந்தால், ஒன்று இலக்கு மாறியிருக்கும், அல்லது வேலை மாறியிருக்கும்.

பலருக்கும் தெரியாத ஒரு கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. ரேட்டிங்குகள் அப்படியே இறுதியாவதில்லை. பல அணிகளின் மேலாளர்கள் உட்கார்ந்து, எல்லா ரேட்டிங்குகளையும் ஒப்பிட்டுச் சிலரை ஏற்றியும் சிலரை இறக்கியும் சமன் செய்வார்கள். நார்மலைசேஷன் என்பார்கள். அந்த அறையில் உங்களுக்காகப் பேசப்போவது ரிப்போர்ட்டிங் மேனேஜர் மட்டுமே. "நல்லா வேலை செய்யறாங்க" என்ற அளவில் அவர் கையில் தகவல் இருந்தால், பக்கத்து அணிக்காரர் விவரமாகப் பேசும்போது உங்கள் ரேட்டிங்தான் இறங்கும். எந்த ரிலீஸில், எந்தப் பிழையைப் பிடித்தீர்கள், அதனால் எது தப்பியது என்று புராஜெக்ட் மேனேஜர் எழுதிய நாலு வரி அங்கே பெரிய பலம். மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது ரிப்போர்ட்டிங் மேனேஜரோடு பேசுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

ஒரே ஆளை இரண்டு புராஜெக்டுகளுக்கு 60, 40 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் எந்தக் கடிதமும் முழுதாகக் காப்பாற்றாது. இரண்டு பக்கமும் முழு வேலையை எதிர்பார்ப்பார்கள். அங்கே சதவீதத்தை நாட்களாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்: திங்கள் முதல் புதன் வரை இது, வியாழன், வெள்ளி அது.

உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால், அதிலுள்ள ரிப்போர்ட்டிங் மேனேஜரின் பெயரும் ஹெச்.ஆர். போர்ட்டலில் உங்கள் பெயருக்கு மேலே இருக்கும் மேனேஜர் பெயரும் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள். அணி மாறியும் போர்ட்டலில் பழைய பெயரே இருப்பது சர்வ சாதாரணம். லீவு விண்ணப்பமும் அப்ரைசல் படிவமும் போர்ட்டலில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். வேறுபாடு இருந்தால் மார்ச் வரை காத்திருக்காமல் இப்போதே ஹெச்.ஆருக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.