பில்லில் வரி குறைந்தது, சாப்பாட்டு விலை குறைந்ததா?

2017 நவம்பர் 15, புதன்கிழமை. அன்று முதல் ஓட்டல் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முந்தைய நாள் வரை ஏசி ஓட்டலில் 18, ஏசி இல்லாத ஓட்டலில் 12. பாண்டி பஜாரில் துணி எடுத்துவிட்டுச் சாப்பிடப் போகும் குடும்பமும், மயிலாப்பூர் மாட வீதியில் காலை டிபனுக்கு வருபவரும் பில் பாதியாகக் குறையாவிட்டாலும் பத்து ரூபாயாவது மிஞ்சும் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் நடந்தது வேறு. பில்லின் அடியில் வரி இறங்கியிருந்தது. மேலே சாப்பாட்டின் விலை ஏறியிருந்தது. கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட பழைய தொகை.

இதைப் பார்த்ததும் ‘ஏமாற்று’ என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கு போட்டுப் பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு போனது என்பது தெரியும்.

ஏசி ஓட்டலில் 100 ரூபாய் சாப்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் வாடிக்கையாளர் கொடுத்தது 118 ரூபாய். அந்த 18 ரூபாயையும் ஓட்டல் அப்படியே அரசுக்குக் கட்டவில்லை. கடை வாடகை, கேஸ் சிலிண்டர், நெய், பார்சல் டப்பா என்று தான் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்த வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, கழித்துக்கொண்டு மீதியைக் கட்டியது. அப்படிக் கழித்தது 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத முறை வந்தபோது அந்தக் கழிவு பறிபோனது. அந்த 6 ரூபாய் இனி ஓட்டலின் செலவு. ஆகவே ஓட்டல் விலையை 106 ஆக்கினால் அதில் குற்றமில்லை. 5 சதவீத வரி சேர்த்தால் 111 ரூபாய் 30 காசு. வாடிக்கையாளருக்கு 6 ரூபாய் 70 காசு மிச்சம், ஓட்டலுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அதே ஓட்டல் மெனு கார்டில் 112 என்று அச்சடித்தால் என்ன ஆகும்? வரியோடு 117 ரூபாய் 60 காசு. அரசு விட்டுக்கொடுத்தது மொத்தம் 6 ரூபாய் 40 காசு. அதில் வாடிக்கையாளருக்கு வந்தது 40 காசு. மீதி 6 ரூபாய் கல்லாவில் தங்கிவிட்டது.

இழந்த கழிவை ஈடுகட்டத்தான் விலையை ஏற்றினோம் என்று ஓட்டல்காரர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. ஏசி இல்லாத ஓட்டல்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. அங்கே வரி 12-இலிருந்துதான் இறங்கியது. உள்ளீட்டு வரி 5 ரூபாய் என்றால் 112 ரூபாய் பில் நியாயப்படி 110 ரூபாய் 25 காசு வரைக்கும்தான் இறங்க முடியும். அதற்குக் கீழே எதிர்பார்த்தது வாடிக்கையாளரின் கணக்குப் பிழை.

ஆனால் 111-க்கும் 118-க்கும் நடுவே விலை எங்கே போய் நிற்கும் என்பதைச் சட்டப் புத்தகம் முடிவு செய்வதில்லை. வரியை யார் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். யார் சுமக்கிறார்கள் என்பது, விலை பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள யாரால் முடியும் என்பதைப் பொறுத்தது. பள்ளிப் பாடத்தில் ‘தேவை நெகிழ்ச்சி’ என்று படித்தது இதைத்தான். விலை ஏறினால் வாங்குவதை எவ்வளவு குறைத்துக்கொள்கிறோம் என்பதன் அளவு அது. விற்பவருக்கும் அதே போல அளிப்பு நெகிழ்ச்சி உண்டு. இரண்டில் யாருடையது குறைவோ, அவர் தலையில் வரியின் பெரும்பங்கு இறங்கும்.

தி.நகரில் மேன்ஷன் அறையில் தங்கி வேலைக்குப் போகும் இளைஞருக்கு அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் பக்கத்து மெஸ்தான். விலை 10 சதவீதம் ஏறினால் அவர் என்ன செய்வார்? மாதத்தில் இரண்டொரு வேளை பன்னும் டீயுமாக ஓட்டுவார். வாங்குவது இரண்டரை சதவீதம் குறையும் என்று கொள்வோம். அவருடைய நெகிழ்ச்சி கால். மெஸ்காரரோ விலை 10 சதவீதம் இறங்கினால் சமைப்பதையும் 10 சதவீதம் குறைப்பவர் என்றால் அவருடையது ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே சாப்பாட்டுக்கு 10 ரூபாய் வரி வந்தால் இளைஞர் 8 ரூபாய் சுமப்பார், மெஸ் 2 ரூபாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு அடையாறில் வெளியே சாப்பிடக் கிளம்பும் குடும்பத்தைப் பாருங்கள். வீட்டில் தோசை மாவு இருக்கிறது. விலை 10 சதவீதம் ஏறினால் வெளியே சாப்பிடுவதை 15 சதவீதம் குறைத்துவிடுவார்கள். நெகிழ்ச்சி ஒன்றரை. அதே 10 ரூபாய் வரியில் இவர்கள் பங்கு 4 ரூபாய்தான். 6 ரூபாயை ஓட்டல் விழுங்கியாக வேண்டும், இல்லையென்றால் மேசை காலி. எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் பங்கு பிரியும் விதம் இதுதான். வசதியுள்ளவருக்கு வரி லேசாகவும், மேன்ஷன் பையனுக்குக் கனமாகவும் இறங்குகிறது. இருவர் பில்லிலும் சதவீதம் ஒன்றே.

பில்லில் வரியே இல்லாத இடங்களிலும் இதே கதைதான். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு மெஸ்கள் இணக்க முறையில் சேரலாம். விற்பனையில் 5 சதவீதத்தை அவர்களே கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. ‘இங்கே ஜிஎஸ்டி போடமாட்டார்கள்’ என்று நம்பிச் சாப்பிடப் போகிறவர்கள் நிறைய. சாப்பாட்டின் விலை 100-க்குப் பதில் 105 என்று இருந்தால் வரி சாம்பாரோடு சேர்ந்து வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணில் படாததால் அது குறைய வேண்டியபோது குறைந்ததா என்று கேட்கவும் வழியில்லை.

வரி குறைப்பு முழுதாக வாங்குபவருக்கு வந்து சேர்ந்த இடமும் இதே தி.நகரில் உண்டு. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. அன்றே சென்னையில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்தது. நகைக்கடைகள் திடீரென்று தாராளம் ஆகிவிடவில்லை. தங்கத்தின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. இந்தியாவுக்கு விற்பவர் அதே விலையை வேறு நாட்டிலும் வாங்கிக்கொள்வார், ஆகவே வரியில் ஒரு பைசாகூடச் சுமக்க மாட்டார். ஏறினாலும் இறங்கினாலும் முழுதும் நம் பக்கம்தான். அதோடு, கிராம் விலை தினமும் போர்டில் எழுதப்படுகிறது. உஸ்மான் சாலையில் ஒரு கடை மட்டும் பழைய விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பேரம் பேச இடமிருப்பது சேதாரத்திலும் செய்கூலியிலும்தான்.

நெய் ரோஸ்ட்டுக்கு அப்படி ஒரு போர்டு கிடையாது. கவலைப்பட வேண்டியது இங்கேதான். ஓட்டல் விலை ஏறும் வேகத்தில் இறங்குவதில்லை. இது சென்னையின் குணம் மட்டுமல்ல. பிரான்சில் 2009 ஜூலையில் உணவகங்களுக்கான வரியை 19.6 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தார்கள். முழுதாக இறக்கியிருந்தால் பில் 12 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும். பின்னால் நடந்த ஆய்வு, சலுகையில் 55 சதவீதத்துக்கு மேல் உரிமையாளர்களிடம் போனது, ஊழியர்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது, சாப்பிட்டவர்களுக்கு வந்தது சொற்பம் என்று கண்டது. பின்லாந்தில் முடிதிருத்தகங்களுக்கு 2007-இல் வரியைக் குறைத்து, 2012-இல் திரும்ப ஏற்றினார்கள். குறைத்தபோது விலை இறங்கியதைப் போல இரண்டு மடங்கு, ஏற்றியபோது ஏறியது. நெகிழ்ச்சிக் கணக்கு மட்டும் உண்மை என்றால் இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும். அதாவது, பாடப்புத்தகம் சொல்வதைவிட வாங்குபவரின் நிலைமை மோசம்.

2025 செப்டம்பர் 22 வரிக் குறைப்பு இதற்குப் புதிய சோதனை. ஓட்டலின் 5 சதவீதம் மாறவில்லை. ஆனால் நெய், வெண்ணெய் மீதான வரி 12-இலிருந்து 5 ஆனது. ஓட்டலுக்கு உள்ளீட்டுக் கழிவு கிடையாது என்பதால் இந்தக் குறைப்பு நேராக அதன் செலவைக் குறைக்கிறது. வரிக்கு முன் கிலோ 600 ரூபாய் நெய் என்றால் வரி 72 ரூபாயிலிருந்து 30 ஆகிறது, கிலோவுக்கு 42 ரூபாய் மிச்சம். ஒரு நெய் ரோஸ்ட்டுக்கு 20 கிராம் நெய் போனால் 84 காசு. 84 காசுக்காக யாரும் மெனு கார்டைத் திரும்ப அச்சடிக்கப் போவதில்லை. தினம் 500 ரோஸ்ட் போகும் கடைக்கு அது மாதம் 12,600 ரூபாய். ஆனால் நெய்யின் விலை கிலோவுக்கு 42 ரூபாய் ஏறியிருந்தால் அதே ரோஸ்ட் ஐந்து ரூபாய் ஏறியிருக்கும். இறங்கும்போது காசுக் கணக்கு, ஏறும்போது ஐந்து ரூபாய்க் கணக்கு. இதைத் தினமும் தாங்குபவர் வேறு வழியில்லாதவர்.

மயிலாப்பூரில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, டிபன் கேரியர் சாப்பாட்டை நம்பி வாழும் முதியவர்கள் அதிகம். முழங்கால் வலியோடு நான்கு தெரு தாண்டி மலிவு விலை தேட அவர்களால் ஆகாது. அரிசி வாங்குவதிலும் அவர்களுக்கே இழப்பு. 2022 ஜூலையில், லேபிள் ஒட்டி அடைத்த 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே தமிழ்நாட்டு மண்டிகளில் 26 கிலோ மூட்டை வந்தது. ஓட்டலும் பெரிய குடும்பமும் அதை வாங்கி வரியிலிருந்து தப்பின. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் 26 கிலோவை வைத்தால் வண்டு பிடிக்கும். அவர்கள் 5 கிலோ பையைத்தான் வாங்குகிறார்கள், வரியோடு.

வரி குறைப்பின் பலனை விலையில் காட்டியாக வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 171-ஆம் பிரிவு சொல்கிறது. அதன்கீழ்ப் புதிய புகார்கள் வாங்குவது 2025 ஏப்ரல் 1-இலிருந்து நின்றுவிட்டது. ஆறு மாதம் கூட ஆகாமல் பெரிய வரிக் குறைப்பு வந்தது. புகார்க் கதவை மூடியாகிவிட்டது என்றால் குறைந்தபட்சம் ஒன்றைக் கேட்கலாம். வரி மாறும் ஒவ்வொரு முறையும் பழைய அடிப்படை விலை, புதிய அடிப்படை விலை இரண்டையும் மூன்று மாதமாவது மெனு கார்டில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வைக்கலாம். 100 என்பது 106 ஆனதா, 112 ஆனதா என்பது மேன்ஷன் பையனுக்கும் தெரியும், டிபன் கேரியர் வாங்கும் பாட்டிக்கும் தெரியும்.