16 மடங்கு குறையாத பிழை

எங்கள் பள்ளிக் கணித மன்றத்தில் மேல்நிலை மாணவர்களுக்குச் சிம்சன் விதியைச் சொல்லிக்கொடுத்தபோது, 0 முதல் 1 வரை 1/(1+x) என்ற சார்பின் தொகையை எடுத்துக்கொண்டேன். விடை log 2, அதாவது 0.693147 என்று முன்பே தெரியும் என்பதால் பிழையைக் கண்ணால் பார்க்கலாம்.

இடைவெளியை நான்கு சம பாகமாக்கினால் h = 0.25. ஐந்து மதிப்புகள் கிடைக்கும்: 1, 0.8, 0.666667, 0.571429, 0.5.

சரிவக விதி அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. விடை 0.697024, பிழை 0.003877. வளைவரை கீழ்நோக்கித் தொய்ந்திருப்பதால் நாண்கள் அதற்கு மேலே நிற்கின்றன. அதனால்தான் விடை கூடுதலாக வருகிறது. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டால் விளக்கமே தேவையில்லை.

சிம்சன் விதியோ மூன்று மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையத்தைப் பொருத்துகிறது. ஒரு பரவளையத்தின் கீழுள்ள பரப்பு (h/3)(y0 + 4y1 + y2). இரண்டு பரவளையங்கள் சந்திக்கும் நடுப்புள்ளி இரண்டிலும் சேர்வதால் அதன் கெழு 2 ஆகிறது:

(0.25/3)[1 + 4(0.8 + 0.571429) + 2(0.666667) + 0.5] = 0.693254

பிழை 0.000107 மட்டுமே. ஒரு பரவளையத்துக்கு இரண்டு பாகம் வேண்டும் என்பதால் பாகங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மாணவர்கள் பாகங்களை எண்ணாமல் புள்ளிகளை எண்ணித் தடுமாறுவது இங்கேதான்.

பிறகு பாகங்களை எட்டாக்கினோம். சரிவக விதியின் பிழை ஏறக்குறைய 4 மடங்கு குறைந்தது. சிம்சனின் பிழை 14.5 மடங்கு. h இன்னும் சிறிதாகும்போது இந்த எண் 16-ஐ நெருங்கும், ஏனெனில் முதலாவதன் பிழை h²-க்கும் இரண்டாவதன் பிழை h⁴-க்கும் ஏற்பக் குறைகிறது. "எந்தச் சார்புக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். அது தவறு.

மறுநாள் ஒரு மாணவி √x-ஐ 0 முதல் 1 வரை கணக்கிட்டு எடுத்து வந்தாள். உண்மை விடை 2/3. இரண்டு பாகத்தில் சிம்சனின் பிழை 0.028596, நான்கு பாகத்தில் 0.010140. "2.8 மடங்குதானே சார் குறையுது, நான் எங்க தப்பு பண்ணேன்?" என்றாள். சரிபார்த்தேன். அவள் கணக்கில் தவறே இல்லை.

h⁴ என்ற கணிப்பு, நான்காம் வகைக்கெழு இடைவெளி முழுவதும் வரம்புக்குள் இருந்தால் செல்லும். √x-க்கு x = 0-இல் தொடுகோடே செங்குத்தாக நிற்கிறது. அப்படிச் செங்குத்தாகக் கிளம்பும் வளைவரையை y = ax² + bx + c வடிவப் பரவளையம் ஒட்டிச் செல்ல முடியாது. சரிவக விதியும் அங்கே சுமார் 2.7 மடங்குதான் குறைகிறது. சிம்சனின் பிழை அதைவிடச் சிறிது என்றாலும் குறையும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. உண்மை விடை தெரியாத கணக்கிலும் பாகங்களை இரட்டித்துக்கொண்டே போய், அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்று பார்த்தால் இந்தக் கோளாறு தெரிந்துவிடும்.

x = t² என்று பிரதியிடச் சொன்னேன். தொகை 0 முதல் 1 வரை 2t² ஆயிற்று. அதுவே ஒரு பரவளையம். இரண்டே பாகத்தில் சிம்சன் விதி (1/6)(0 + 2 + 2) = 2/3 என்று துல்லியமாகத் தந்தது.