மலைச்சரிவில் வரப்புக்கு வரப்பு எத்தனை மீட்டர்?

கோலசிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் வரப்பு இடைவெளி என்ற கேள்வியே எழாது. அங்கே நிலம் தட்டையான களிமண். கவலையெல்லாம் வடிகால் பற்றியதுதான். சிலாங்கூர் ஆற்றை எதிர்த்து உள்ளே போய், பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, கெர்லிங் பக்கம் ஏறும்போதுதான் நிலம் சரியத் தொடங்குகிறது. அங்கே மேல்மண் கரைந்தால் அது இதே ஆற்றில்தான் வந்து சேரும். ஆற்றில் மண் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பழைய கோலகுபு நகரம் பார்த்துவிட்டது. ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண்ணால் ஆற்றுப்படுகை உயர்ந்து, வெள்ளம் திரும்பத் திரும்ப ஊருக்குள் புகுந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதுதான் இன்றைய கோலகுபு பாரு.

அந்த மண்ணில் பெரும்பங்கு சுரங்கங்களுடையது. ஆனால் ரப்பர் தோட்டங்களும் அந்தக் காலத்தில் ஒரு புல்கூட விடாமல் களையெடுத்து, சரிவுகளை வெறும் மண்ணாகப் போட்டு வைத்திருந்தன. மேல்மண் போன பிறகே மூடுகொடிகளும், மண்குழிகளும், சம உயர வரப்புகளும் பரவலாக வந்தன. இன்று செம்பனை மறுநடவின்போது அதே ஆபத்து திரும்பி வருகிறது. பழைய மரங்களைச் சாய்த்த நாளிலிருந்து மூடுகொடி நிலத்தை மூடும் வரை, ஏறத்தாழ ஓராண்டுக்குச் சரிவு திறந்தே கிடக்கும். வரப்பின் இடைவெளியை அந்த ஓராண்டை மனத்தில் வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

முதலில் சரிவை அளக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நெகிழிக் குழாய் ஒன்றும் இரண்டு அளவுகோல்களும் போதும். கிடைமட்டமாகப் பத்து மீட்டர் போவதற்குள் நிலம் ஒரு மீட்டர் இறங்கினால் சரிவு 10 விழுக்காடு. பாகையில் சொன்னால் அது ஆறுக்கும் சற்றுக் குறைவு. பாகையையும் விழுக்காட்டையும் இங்கே குழப்பிக்கொள்வது எளிது. 10 பாகைச் சரிவு என்பது கிட்டத்தட்ட 18 விழுக்காடு. அதை 10 என்றே கணக்கில் போட்டால் வரப்புகள் தள்ளித் தள்ளி அமைந்துவிடும். அதோடு ஒவ்வொரு வரப்பும் தாங்கும் தண்ணீர் நாம் நினைத்ததில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

சரிவு தெரிந்ததும் இந்தச் சூத்திரம்:

```
VI = 0.3 × (S/3 + 2)
HI = 100 × VI / S
```

S என்பது விழுக்காட்டில் சரிவு. VI என்பது ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வித்தியாசம், HI கிடைமட்டத் தூரம், இரண்டும் மீட்டரில். மழை குறைந்த இடங்களுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டால் வகுப்பார்கள். அப்போது இடைவெளி கூடும். நம்முடைய 10 விழுக்காட்டுச் சரிவுக்கு VI 1.6 மீட்டர், HI 16 மீட்டர். செம்பனையை ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் வைத்தால் நிரைக்கு நிரை 7.8 மீட்டர். அதாவது இரண்டு நிரைக்கு ஒரு வரப்பு என்றால் 15.6 மீட்டர், கணக்கோடு பொருந்துகிறது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சூத்திரம் பார்ப்பது ஒன்றைத்தான்: இரண்டு வரப்புகளுக்கு இடையே ஓடும் நீர் மண்ணை அரிக்கும் வேகம் பெறுமா என்பதை. வரப்பில் வந்து சேரும் தண்ணீரை அந்த வரப்பு தாங்குமா என்பது வேறு கேள்வி, அதை மழை தீர்மானிக்கிறது. ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டருக்குள் இருக்கும் இந்திய மானாவாரி நிலங்களில் மட்டமான வரப்பு மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கிவிடும். சிலாங்கூரில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை கொட்டித் தீர்க்கும், மறுநாளும் வரும்.

ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்ததாகவும், அதில் பாதி மண்ணில் இறங்காமல் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். 15.6 மீட்டர் இடைவெளியில், வரப்பின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 0.6 கன மீட்டர், அதாவது 600 லிட்டர் வந்து சேரும். வரப்பின் பின்னால் தண்ணீர் முக்கோண வடிவில் தேங்குகிறது. அதன் கொள்ளளவைக் காண, ஆழத்தின் வர்க்கத்தைச் சரிவின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் உயர வரப்பில் மேல் 15 சென்டிமீட்டரைப் பாதுகாப்புக்கு விட்டால் பயன்படும் ஆழம் 30. அதன் கொள்ளளவு 0.09 ÷ 0.2, அதாவது 450 லிட்டர். வந்ததோ 600. மீதி பாதுகாப்பு உயரத்தைத் தின்னும். வரப்பு நிறைய 1,000 லிட்டர்தான் பிடிக்கும். தேங்கிய நீரில் உள்ள நுண்மண் அடியில் படிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால், இரவில் இறங்குவதும் குறைவு. மறுநாள் அதே மழை வந்தால், ஏற்கெனவே ஊறிய நிலத்தில் பாதிக்கும் மேல் ஓடி, உச்சியைத் தாண்டிவிடக்கூடும். மேல் வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ் வரப்பின் ஒரே இடத்தில் விழும், பிறகு அதுவும் உடையும்.

இடைவெளியை 12 மீட்டராகக் குறைத்தால் அந்த ஒரு மழை 30 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆனால் அது நிரைக்கணக்கோடு ஒட்டாது, இரண்டாம் நாள் மழைக்கும் பதில் ஆகாது. இந்த மழைக்கு நான் பரிந்துரைப்பது வேறு: இடைவெளியை மாற்றாமல், வரப்பை 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சாய்த்து, முனையைப் புல் வளர்ந்த ஓர் ஓடையில் திறந்துவிடுவது. தேங்கும் வரப்புக்கு மழையின் மொத்தம் முக்கியம். ஓடும் வரப்புக்கு அதன் உச்ச வேகம் முக்கியம். பத்து நிமிடக் கொட்டலை மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகம் என்று எடுத்துக்கொண்டால், அதிலும் பாதி ஓடும் என்றால், 100 மீட்டர் நீள வரப்பின் முனையில் நொடிக்கு 32 லிட்டர் வரும். அதே 30 சென்டிமீட்டர் ஆழத்தில், இந்தச் சாய்வில், களை வளர்ந்த நிலையிலும் ஏறக்குறைய நொடிக்கு 100 லிட்டர் ஓடிவிடும். சேர்த்துவைக்க முடியாத வரப்பு, அனுப்பிவிடும்போது தாராளமாகத் தாங்குகிறது. உண்மையான திட்டத்தில் மழைவேகத்தை ஊகிக்க வேண்டாம். மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மழைநீர்க் கையேட்டில் நிலையம் வாரியாக அதைக் கணக்கிடும் வழி இருக்கிறது.

சரிவு 25 விழுக்காட்டை நெருங்கினால் வரப்பை மறந்துவிடலாம். சூத்திரம் 12.4 மீட்டர் என்று சொல்லும். அதே 75 மில்லிமீட்டர் மழைக்கு வருவது 465 லிட்டர், பிடிப்பதோ 180. அங்கே ஒவ்வொரு நிரைக்கும் உட்புறம் சாய்ந்த படிமேடை வெட்டுவதே வழி.

வெட்டி முடித்த பிறகு முதல் நான்கைந்து பெருமழைகளில் சரிவில் நடந்து பார்க்க வேண்டும். வரப்பிலிருந்து கீழே எத்தனை மீட்டரில் விரல் பருமனான நீர்க்கோடுகள் தொடங்குகின்றன என்று அளக்க வேண்டும். அவை ஒன்பது, பத்து மீட்டரிலேயே தொடங்கினால் அந்தத் துண்டுக்கு 16 மீட்டர் அதிகம். நடு நிரையில் ஒரு குட்டை வரப்பு சேர்க்க வேண்டும். வண்டல் வரப்பு நீளத்துக்கும் பரவாமல் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் இடைவெளியில் தவறில்லை. அங்கே மட்டம் பிசகியிருக்கிறது. புது மண் அமுங்கி உச்சி தாழ்ந்திருக்கும் இடத்தை அடுத்த மழைக்குள் மண்போட்டுக் கெட்டித்து உயர்த்த வேண்டும்.