செல்போனுக்கும் ஷிப்டு போடுங்க!

ஆம்பூர் வட்டாரத்தில் வாராவாரம் ஷிப்டு மாறும் தொழிலாளி, நைட் முடிந்து கண்ணயரும் நேரத்தில்தான் கடன்காரர் போன் அலறும். ‘ஆஃப் பண்ணிட்டா போச்சு’ என்பார்கள். பிள்ளைக்கு ஜுரம் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால்?

ஆண்ட்ராய்டு போனில் Do Not Disturb பகுதியில் ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று அட்டவணை போடலாம். நைட்டுக்கு காலை 8 முதல் பகல் 3 வரை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திங்கள் ராத்திரி வேலைக்குத் தூக்கம் செவ்வாய் காலையில்தான். ஆகவே, திங்கள் முதல் சனி வரை வேலை என்றால், டிக் போட வேண்டியது செவ்வாய் முதல் ஞாயிறு வரை.

ஞாயிறு சாயந்திரம் பழைய அட்டவணையை அணைத்து, அடுத்த வாரத்துக்கானதை ஆன் செய்யணும். மறந்தால் விழித்திருக்கும்போதும் போன் ஊமை! வீட்டு எண், பள்ளி எண்ணுக்கு நட்சத்திரக் குறியிட்டு அனுமதித்தால், அவை மட்டும் தூக்கத்திலும் ஒலிக்கும்.