ஒரு புஷ்ஷின் வரைபடம்

சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் வெண்கல புஷ், பார்வைக்குச் சிறிய குழாய்த் துண்டுதான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளித்தோற்றம் காட்டாது. எனவே வரைபடத்தில் அதை நடுவே வெட்டியது போல் ஒரு படம் இருக்கும். வெட்டும் இடத்தைக் குறிக்கும் கோட்டின் இரு முனைகளிலும் A எழுத்தும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு காட்டும் திசையில் பார்த்தால் தெரிவதுதான் A-A வெட்டுத்தோற்றம். அதில் சாய்கோடுகள் உள்ள இடம் வெட்டுப்பட்ட உலோகம், வெறுமையாக விட்ட இடம் துளை.

புஷ், ஹவுசிங், ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்த படத்தில் ஹவுசிங்கின் சாய்கோடுகள் ஒரு பக்கமாகவும் புஷ்ஷின் கோடுகள் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். இரண்டும் தனித்தனிப் பாகங்கள் என்று அதிலேயே தெரியும். ஷாஃப்ட்டில் மட்டும் கோடு இருக்காது. அது உள்ளீடற்றது என்று புதியவர்கள் தவறாக நினைப்பதுண்டு. திடமான ஷாஃப்ட், போல்ட், சாவி போன்றவற்றை நீளவாக்கில் வெட்டிக் காட்டுவதில்லை என்பது வரைபட மரபு.

அடுத்தது அளவு. படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. நகலெடுக்கையில் காகிதத்தில் படம் சுருங்கியிருக்கலாம். எழுதிய எண்ணே அளவு. புஷ்ஷின் நீளம் 40 என்று மட்டும் இருந்தால், தலைப்புக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ISO 2768-m என்று இருந்தால் 40 மி.மீ. நீளத்தில் 0.3 மி.மீ. கூடலாம், குறையலாம்.

உள்துளைக்கு அந்தத் தாராளம் கிடையாது. அங்கே Ø25 H7 என்று இருக்கும். Ø என்பது விட்டம். H என்றால் துளை 25-க்குக் குறையக் கூடாது. 7 என்பது இந்த அளவில் 0.021 மி.மீ. வரை கூடலாம் என்பதைச் சொல்கிறது. ஷாஃப்ட்டுக்கு Ø25 g6 என்று இருந்தால் அது 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். ஆக இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 0.007, கூடினால் 0.041 மி.மீ. இடைவெளி. எண்ணெய்ப் படலம் நிற்பது அங்கேதான்.

புஷ்ஷின் வெளிவிட்டம் Ø32 p6, ஹவுசிங்கின் துளை Ø32 H7. புஷ் 32.026-க்குக் குறையாது, துளை 32.025-ஐத் தாண்டாது. எனவே கையால் நுழையாது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். இறுக்கத்தில் புஷ்ஷின் உள்துளை சற்றுச் சுருங்கும். லேத்தில் 25.005 என்று சரியாக வந்த துளை, ஏற்றிய பின் 0.02 சுருங்கினால் 24.985 ஆகிவிடும். 24.990 உள்ள ஷாஃப்ட் அதில் நுழையாது. தனித்தனியே அளந்தபோது இரண்டு பாகமும் சரி, சேர்த்தால் வேலை நின்றுவிடும்.

அதனால் H7 அளவு ஏற்றுவதற்கு முன்பா, ஏற்றிய பிறகா என்பதைக் குறிப்புகளில் தேட வேண்டும். ஏற்றிய பிறகு என்றால், துளையைச் சற்றுச் சிறிதாகவே விட்டு, புஷ்ஷை அழுத்தி ஏற்றியபின் ரீமரால் இறுதி அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு பிளக் கேஜால் சோதிப்பார்கள்: அதன் 25.000 முனை நுழைய வேண்டும், 25.021 முனை நுழையக் கூடாது.